அப்பா சிறையில் இருக்கிறார் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு வழக்கில் கோவை மத்தியச் சிறையில் இருக்கிறார். ஏழு வயசுப் பையனிடம் "அப்பா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கார்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொல்லலாமா? பள்ளியில் சொல்ல வேண்டுமா?

பதில்:

சொல்லிவிடுங்கள், இந்த வாரமே. பள்ளியில் தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

திருப்பூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பல வருடங்களாக ஆசிரியையாக இருக்கிறேன். என் நாலாம் வகுப்பில் படித்த ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவன் அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர். ஓர் அடிதடி வழக்கில் கைதாகிக் கோவைக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் "அப்பா சூரத்துக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து மினி பஸ்ஸில் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான். டீக்கடைப் பேப்பரில் வந்த செய்தி ஊருக்கே தெரியும், இவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

அவன் அழவில்லை, அம்மாவிடம் கேட்கவும் இல்லை. அம்மா பொய் சொல்கிறாள் என்றால் இது பேசக் கூடாத விஷயம் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். எனக்குத் தெரிந்தது வேறு விதமாக. சத்துணவில் போட்ட முட்டையைத் தினமும் பக்கத்துப் பையன் தட்டில் வைத்துவிடுவான். நோட்டு லேபிளில் தன் பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியலை மட்டும் ரப்பர் வைத்து, தாள் கிழியும் அளவுக்கு அழித்திருந்தான். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், சைக்கிள் வேணும்னு அடம் புடிச்சா போலீஸ் புடிச்சுக்குவாங்களா?"

கைதான அன்று சாயங்காலம் சைக்கிள் கேட்டு அழுதிருக்கிறான். அப்பா கோபத்தில் அவனை ஒரு அடி அடித்துவிட்டு வெளியே போனவர், திரும்பி வரவில்லை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, அப்பா போனதற்குக் காரணம் தான்தான் என்று அத்தனை நாளும் சுமந்திருக்கிறான். ஏழெட்டு வயதில் பிள்ளைகள் இப்படித்தான் காரணம் தேடுவார்கள். நாம் காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில் அவர்களே ஒன்றை வைத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் தங்களையே.

அவன் அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மிச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தம்மா சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான்: "கண்ணு, அப்பா சூரத்துக்குப் போகல. நீ அழுவியேன்னு அம்மா பொய் சொல்லிட்டேன். அப்பா கோயமுத்தூர் ஜெயில்ல இருக்காரு. ஒருத்தர அடிச்சாருன்னு கேஸ். அது நெசமா இல்லையான்னு கோர்ட்டுல ஜட்ஜ் விசாரிப்பாரு. நீ சைக்கிள் கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சாமி. நானும் அம்மிச்சியும் உன்னைய உட்டுட்டு எங்கயும் போகமாட்டோம்."

இதில் "அப்பா தப்பே பண்ணல" என்றும் இல்லை, "அப்பா கெட்டவர்" என்றும் இல்லை. விசாரணைக் கைதியாக இருக்கும்போது இரண்டில் எதைச் சொன்னாலும் நாளைக்குத் தீர்ப்பு அதை மாற்றிவிடலாம். வழக்கின் விவரத்தை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்குச் சொன்னால் போதும். காலையில் சொல்வது நல்லது. ராத்திரி சொன்னால் பிள்ளை கேள்விகளோடு தனியாகப் படுத்துக்கொள்ளும்.

"எப்ப வருவாரு?" என்றுதான் அடுத்துக் கேட்பான். தேதி சொல்லாதீர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் "இந்தத் தடவை ஜாமீன் கிடைச்சுடும்" என்று சொல்லிச் சொல்லி ஏமாந்த பிள்ளை அப்புறம் எதையுமே நம்பாது. "எங்களுக்கும் தெரியல. தெரிஞ்ச உடனே உனக்குச் சொல்லிடுவேன்" என்பதே போதும். வெளியில் யாராவது கேட்டால் சொல்வதற்கும் ஒரு வரி கொடுங்கள். எங்கள் பையனுக்கு "அப்பா இப்ப ஊர்ல இல்ல, அதப்பத்தி நான் பேசறதில்ல" என்று கொடுத்தோம். அது பொய்யும் இல்லை. வீட்டில் நாலைந்து தடவை சொல்லிப் பழக்கினார்கள்.

சிறையில் அப்பாவை மனு போட்டுப் பார்க்கக் கூட்டிப்போவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வாசலில் சோதனை போடுவார்கள், காத்திருக்க வேண்டும், அப்பாவைத் தொட முடியாமல் போகலாம், நேரம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று. இது தெரியாமல் போனால் அந்தத் தடுப்புதான் மனதில் தங்கும், அப்பா முகம் தங்காது. பையனுக்கு உண்மை தெரியும் என்பதை அப்பாவுக்கும் முதல் மனுவிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவர் பாட்டுக்கு வெளிநாட்டுக் கதையைத் தொடங்கிவிடுவார். இ-முலாகாத் என்ற ஆன்லைன் சந்திப்பு வழியாக வீடியோவில் பார்க்க வசதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அப்பா அம்மாவையோ பிள்ளையையோ துன்புறுத்திய வழக்கு என்றால் பார்க்கக் கூட்டிப்போகாதீர்கள். முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ பேசி ஆலோசனை கேளுங்கள்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சியை நேரில் போய் வாயால் சொல்லச் சொல்லுங்கள், கடிதமாக எழுதிக் கொடுக்க வேண்டாம். பெற்றோர் கூட்டம் இல்லாத நாளாக இருக்கட்டும். மனு பார்க்கப் போகிற அன்றைக்கு லீவு லெட்டரில் "குடும்ப வேலை" என்றால் போதும், நிஜக் காரணம் ஆசிரியைக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியில் நடந்த தவறையும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனபோது இன்னோர் ஆசிரியர் முதலில் திறந்து பார்த்தது இவன் பையைத்தான். ஆசிரியர்கள் அறையில் விஷயம் பரவியிருந்தது. நான் அங்கேயே நின்றேன், தடுக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. மாணவனை மனதளவில் துன்புறுத்துவதும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி தடை செய்யப்பட்டது. தங்கச்சி தயங்காமல் அதைக் குறிப்பிட்டு, விஷயம் இரண்டு பேரைத் தாண்டக் கூடாது என்று கேட்கலாம்.

அதற்குப் பிறகு சிலவற்றை மாற்றினோம். "அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா" என்பதை "வீட்ல பெரியவங்க கையெழுத்து" என்று எல்லாப் பிள்ளைகளுக்குமே மாற்றினோம். அப்பா இறந்துபோன பிள்ளைகளும் பிரிந்து வாழும் வீட்டுப் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருந்தார்கள், அவர்களுக்கும் அது தேவையாக இருந்தது. விண்ணப்பம் நிரப்பும்போது அப்பா தொழிலை வகுப்பில் சத்தமாகக் கேட்பதை நிறுத்தி, ஒவ்வொருவரையும் மேசைக்குக் கூப்பிட்டு எழுதினோம். இரக்கப்பட்டு எல்லார் முன்னாலும் நோட்டு வாங்கிக் கொடுப்பதையும் விட்டோம். "பாவம்" என்ற சொல்லும் பிள்ளையைத் தனியாகத்தான் நிறுத்தும். மினி பஸ்ஸில் பேசிய பையனைப் பிரேயரில் நிறுத்தித் திட்டவில்லை. திட்டியிருந்தால் தெரியாத பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். தனியாகக் கூப்பிட்டுப் பேசினோம், அவன் அம்மாவிடமும் பேசினோம்.

வருமானம் நின்றுபோயிருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேளுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. வருமான வரம்பு உண்டு, தகுதியைக் குழு பார்த்து முடிவு செய்யும்.

ஜூன் மாதம் வகுப்பாசிரியர் மாறுவார். புதியவருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் தங்கச்சியே முடிவு செய்யட்டும். அவரைக் கேட்காமல் யாரும் சொல்லக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.