கிவ் அப், லுக் இன்டு: அகராதியில் எங்கே தேடுவது?

"பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மெயிலில் வரும் லுக் இன்டு, கிவ் அப் போன்றவற்றை அகராதியில் எந்த எழுத்தில் தேடுவது?"

வினையின் எழுத்தில்தான். நம் அகராதியில் 'கைவிடு' தனிச்சொல்லாகக் 'கை' வரிசையில் நிற்கும். ஆங்கிலத்தில் 'கிவ் அப்' அப்படியில்லை. 'கிவ்' என்ற சொல்லுக்குள் அடக்கம். மாணவர் அகராதிகளில் 'கிவ்' பொருள்களையெல்லாம் தாண்டி, பதிவின் கடைசிக்குப் போங்கள். அவே, பேக், இன், அப் என்று பின்சொல்லின் அகரவரிசையில் இருக்கும். பலர் முதல் பொருளான 'கொடு'வோடு நின்றுவிடுகிறார்கள்.

அப்புறம், செயப்படுபொருள் வரும் இடத்தைக் காட்ட அகராதி போடும் 'சம்திங்' எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் முக்கியம். கிவ், அப் இரண்டுக்கும் நடுவே அது இருந்தாலோ, பக்கத்தில் ↔ குறி இருந்தாலோ, சொல்லைப் பிரிக்கலாம். 'இட்' வந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும்: 'கிவ் இட் அப்' சரி, 'கிவ் அப் இட்' தவறு. 'லுக் இன்டு சம்திங்' என்று கடைசியில் மட்டும் இருந்தால் பிரிக்கக் கூடாது. ஒயிட்ஃபீல்டில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் வாடிக்கையாளருக்கு 'லுக் இட் இன்டு' என்று எழுதிவிட்டார். 'லுக் இன்டு இட்' என்றுதான் வர வேண்டும். 'விசாரித்துப் பார்க்கிறேன்' என்று பொருள்.