எங்கள் பெயிண்டர் மாஸ்டருக்கு அஞ்சலி எழுதியபோது

"எங்கள் தோட்டத்து ஓவியர் ஒருவர் போன வாரம் காலமாகிவிட்டார். சங்கத்துச் செய்திமடலுக்கு அவருடைய வாழ்க்கை, வரையும் விதம், விட்டுப்போனது எல்லாம் சேர்த்து ஓர் அஞ்சலி எழுதித் தரச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

மஸ்கெலியாவில் எங்கள் பெயிண்டர் மாஸ்டர் தவறியபோது இதே வேலை என்னிடம் வந்தது. முதலில் எழுதியது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்: இன்ன தோட்டத்தில் பிறந்தார், சிறு வயதிலேயே ஆர்வம், ஈடுசெய்ய முடியாத இழப்பு. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கடியில் கிடந்த படங்களை அவர் மகள் எடுத்துத் தர, லயத்து வாசலில் வரிசையாகச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நீங்களும் படங்களிலிருந்தே தொடங்குங்கள். பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்தது தண்ணீருக்குள் மூழ்கிப்போன கோவிலின் படம். 1969-இல் மவுசாகலை அணை முடிந்து பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கியது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், கடும் வரட்சி வந்தால் பழைய கோவில் இன்றைக்கும் வெளியே தெரியும். டவுன் மூழ்குவதற்கு முன்பே நேரில் பார்த்து வரைந்த படம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் படத்தில் சுவரின் இடுப்பளவுக்குச் சேறு காய்ந்த கோடு இருக்கிறது, கீழே வெடித்த மண். டவுன் மூழ்கும்போது மாஸ்டருக்குப் பதினொரு வயது. அப்படியென்றால் இது பிறகு வந்த ஒரு வரட்சியில் போய் நின்று வரைந்தது. சின்ன வயதில் பார்த்த கோவிலை ஞாபகத்திலிருந்து முழுசாக வரைந்திருக்கலாம், அவர் சேற்றோடு வரைந்தார். அவருடைய வாழ்க்கையைச் சொல்ல எனக்கு இந்த ஒரு படமே போதுமாக இருந்தது. பிறந்த தோட்டம், கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தது எல்லாம் அதற்குப் பின்னால் நாலு வரியில் அடங்கிவிட்டன. வயது, வருஷம் மட்டும் அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள், வாய்ச்சொல்லை நம்பி எழுதாதீர்கள்.

வரையும் விதத்துக்கு 'தத்ரூபம்', 'உயிரோட்டம்' என்றெல்லாம் எழுத வேண்டாம், கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். மாஸ்டர் தேயிலையை ஒரே பச்சையாகப் பூச மாட்டார். கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை, அடியில் முற்றிய இலை கிட்டத்தட்ட கறுப்பு, கவ்வாத்து வெட்டிய மலை சாம்பல். கொழுந்து எடுக்கும் பெண்கள் அவர் படத்தில் சிரித்துக்கொண்டு நம்மைப் பார்க்க மாட்டார்கள், குனிந்த தலையில் கூடைக் கயிறு அழுத்தி, தலைத்துணி அந்த இடத்தில் பள்ளமாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்கு அவர் ஒரே ஒரு கோடுதான் போடுவார், போர்டு எழுதும் தூரிகையால், கையை எடுக்காமல். அவர் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான் என்பதை அந்த இடத்தில்தான் எழுதினேன்.

எதில் வரைந்தார் என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். 'எண்ணெய் ஓவியம்' என்று எழுதப் போனேன், மகள்தான் திருத்தினாள். போர்டு வேலையில் மிஞ்சிய எனாமல் பெயிண்டை ஹார்ட்போர்டில் பூசியிருக்கிறார். அதனால்தான் வெள்ளை எல்லாம் மஞ்சளித்திருக்கிறது, எங்கள் ஊர் ஈரத்தில் பலகையின் ஓரங்கள் உப்பியிருக்கின்றன. செய்திமடலுக்குப் போட்டோ எடுக்கும்போது இந்தப் பளபளப்பு தொல்லை கொடுக்கும். பிளாஷ் போடாமல், வெயில் இல்லாத மப்பான நேரத்தில் வாசலில் வைத்து எடுத்தால் நன்றாக வரும்.

விட்டுப்போனதைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு வலித்தது. அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் கோவில் சுவர்களில். கும்பாபிஷேகம் என்றால், வழக்கமாகப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, சுவரைச் சுரண்டிப் புதுசாகப் பூசிவிடுவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, அவரே அப்படிப் பழைய சுவர்களைச் சுரண்டியவர்தான். எங்கள் கோவிலில் அவர் வரைந்த மதுரைவீரனைப் பூசி மறைத்த பிறகுதான் யாரிடமும் ஒரு போட்டோகூட இல்லை என்று தெரிந்தது. அப்புறம் அந்தச் சுவருக்கு முன்னால் கல்யாணம் கட்டியவர்களின் ஆல்பங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கினேன். ஒன்றில், மாலையோடு நிற்கிற மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் வெள்ளைக் குதிரையின் தலையும் கடிவாளம் பிடித்த கையும் கிடைத்தன. மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும் அனுமதி கேட்டு அந்தப் படத்தை அப்படியே, அவர்களையும் சேர்த்து, அஞ்சலிக்கு மேலே போட்டோம்.