யூரிக் ஆசிட் மாத்திரை தொடங்கிய பிறகும் வலி வருகிறதே, நிறுத்தலாமா?

"கவுட்டுக்கு அலோபியூரினால் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நேற்று ராத்திரி கால் பெருவிரல் மறுபடி வீங்கிவிட்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்திவிடலாமா? சாப்பாட்டில் எதையெல்லாம் விட வேண்டும்?"

நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன், அதனால் நாலு மாதம் வீணானது.

எனக்கு யூரிக் ஆசிட் 9.2 இருந்தது. தினம் 100 மி.கி. தொடங்கிய ஐந்தாவது வாரம், விரல்மேல் போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. மாத்திரைதான் காரணம் என்று நானே விட்டுவிட்டேன். 7.4க்கு இறங்கியிருந்த அளவு திரும்ப 9ஐத் தொட்டது. மறுபடி 100இல் ஆரம்பித்தேன், மறுபடி வலி.

அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். மூட்டுக்குள் வருடக்கணக்கில் யூரிக் ஆசிட் பொடிப்பொடிப் படிகங்களாகப் படிந்திருக்கும். ரத்தத்தில் அளவு இறங்கியதும் அவை கரைந்து உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்ததை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் அந்த வீக்கம். மருந்து வேலை செய்வதால் வருகிற வலி அது. இதைத் தடுக்க முதல் ஆறு மாதம் கோல்சிசின் 0.5 மி.கி. தினம் ஒன்று சேர்த்துக் கொடுத்தார். உங்களுக்குத் தரவில்லை என்றால் கேளுங்கள். அலோபியூரினாலையும் சில வாரங்களுக்கு ஒருமுறை 100 மி.கி. கூட்டினார். 300இல் எனக்கு 5.6 வந்தது. 6க்குக் கீழேயே நிற்க வேண்டும், அதுதான் இலக்கு.

வலி வரும் நாளிலும் தினசரி மாத்திரை தொடரும். விரல் குறுகுறுக்கும்போதே வலி மருந்தை எடுத்தால்தான் பலன். மறுநாள்வரை பொறுத்தால் பாதிதான் கேட்கும். எனக்கு எழுதிக்கொடுத்தது கோல்சிசின் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5, அன்றைக்கு அவ்வளவுதான். அதைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ வேறு மருந்துகள் சாப்பிட்டாலோ இந்த அளவு பொருந்தாது, டாக்டரைக் கேட்டே எடுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் வைத்தால் நன்றாகவே கேட்கும். வலி நேரத்தில் ரத்தப் பரிசோதனை வேண்டாம், அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

சாப்பாட்டில் பீர், ஈரல் போன்ற உள்ளுறுப்புக் கறி, இனிப்புக் குளிர்பானம், இந்த மூன்றையும் விட்டேன். பருப்பை விடத் தேவையில்லை. பத்தியத்தால் மட்டும் இறங்குவது சுமார் 1 புள்ளிதான், 9ஐ 6ஆக்காது. எடை குறைக்கப் பட்டினி கிடக்கவே கிடக்காதீர்கள், அதுவே வலியைக் கிளப்பும்.

மாத்திரையை உடனே நிறுத்த வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. தோலில் தடிப்பு, வாயில் புண், கண் எரிச்சல் வந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். முதல் மூன்று மாதம் இதில் ரொம்பக் கவனம் வேண்டும். மூட்டு வீக்கத்தோடு குளிர்க் காய்ச்சல் வந்தாலும் கவுட்தானே என்று வீட்டில் இருக்காதீர்கள், அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம்.