ஓரம் வெட்டுப்பட்ட ஒர்க் ஷீட்: படத்தை மறுபடி எப்படிக் கேட்பது?

வீட்டில் டியூஷன் எடுப்பவர்: பிள்ளைங்க ஒர்க் ஷீட்டை வீட்டுல போன்ல படம் எடுத்து அனுப்பறாங்க, ஓரம் வெட்டுப்பட்டு வருது. "தெளிவா அனுப்புங்க"ன்னு கேட்டா அதே மாதிரி இன்னொரு படம்தான் வருது. மனசு நோகாம எப்படிக் கேக்கறது?

பதில்: முதலில் "தெளிவா" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதைக் கேட்பவர், எழுத்து மங்கலாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். லைட்டைப் போட்டு, கை ஆடாமல், அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுப்பார். எழுத்து பளிச்சென்று வரும். வெட்டுப்பட்ட ஓரம் அப்படியேதான் இருக்கும். மங்கல் வேறு, வெட்டு வேறு. எது நடந்திருக்கிறது, எந்தக் கணக்கில், எந்தப் பக்கத்தில், கடைசியாகத் தெரிகிற எழுத்து எது என்று சொன்னால் போதும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம்மா, படம் வந்துடுச்சு. 1 முதல் 6 வரை முழுசாத் தெரியுது. 7ஆவது கணக்கு மட்டும் வலது ஓரத்துல x² − 7x + 1 வரைக்கும் வந்து நின்னுடுது. அதுக்கு அப்புறம் இன்னும் ஏதோ இருக்கும் போல. தாளோட நாலு மூலையும் தெரியற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? இல்லேன்னா அந்த ஒரு வரியை மட்டும் டைப் பண்ணி அனுப்பினாலும் போதும். அதுவரைக்கும் மத்த ஆறு கணக்கைப் பார்த்துடறேன்."

"நாலு மூலை" என்பதுதான் இதில் உயிர்நாடி. படம் தெளிவாக இருக்கிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். நாலு மூலையும் தெரிகிறதா என்பதை அனுப்புகிறவரே எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பலாம். டைப் செய்து அனுப்பலாம் என்று சொல்வதும் முக்கியம். ஒர்க் ஷீட் பிள்ளையின் பையில் இருக்கும், பிள்ளை தூங்கியிருக்கும். ஒரு வரி மட்டும் என்றால் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர்: அந்த x² − 7x + 1-க்கு அப்புறம் 2 தானே வரும்? 12ன்னு போட்டா 3, 4ன்னு அழகா வருது. இதுக்கு எதுக்கு படம் கேக்கணும்?

பதில்: 10 என்று போட்டுப் பாருங்கள். 2, 5 என்று அதுவும் அழகாகத்தான் வருகிறது. கூட்டினால் 7, பெருக்கினால் 10. விடை அழகாக வருவதால் மட்டும் ஊகம் சரியாகிவிடாது.

அங்கே 11 இருந்திருந்தால்? தன்மைகாட்டி 49 − 44 = 5. மூலங்கள் (7 ± √5)/2. சூத்திர முறைப் பயிற்சியில் இப்படிக் கணக்கும் வரும். 1-க்குப் பிறகு எண்ணே இல்லாமல் "= 0" மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் தன்மைகாட்டி 45, மூலங்கள் (7 ± 3√5)/2. ஆக, ஒரே ஓர் இலக்கம் போனதில் நான்கு வெவ்வேறு கணக்குகள்.

தாளில் மிச்சம் தெரிவதை வைத்துக் கொஞ்சம் குறைக்கலாம். மேலே "காரணிப்படுத்தித் தீர்க்க" என்று இருந்தால் 11-உம் 1-உம் போய்விடும். ஆனாலும் 10-உம் 12-உம் நிற்கும். கீழே விடைகள் கொடுத்திருந்து, அதில் "3, 4" மட்டும் இருந்தால் பிழைத்தோம். "2, 5"-உம் இருந்தால், தாளைப் பார்க்காமல் வேறு வழி இல்லை. உடனே ஏதாவது எழுதியாக வேண்டும் என்றால் "12 எனில் 3, 4, 10 எனில் 2, 5" என்று இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு ஊகம் என்று சொல்லாமல் விடாதீர்கள்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: இதை நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு விடையும் கொடுத்துட்டா பிள்ளை தாளைத் திரும்பப் பார்க்கவே பார்க்காது. படம் வர்ற வரைக்கும் அந்தக் கணக்கைத் தொடக்கூடாது.

பதில்: நேரம் இருக்கிற நாளில் நீங்கள் சொல்வதுதான் நல்லது, மிஸ். மறுநாள் காலையில் தாளைக் கொடுத்தாக வேண்டும், வீட்டிலிருந்து பதில் வரவில்லை என்கிற இரவில் நான் இரண்டையும் கொடுப்பேன். வார்த்தைக் கணக்கில், என்ன போயிருக்கும் என்று ஊகிக்கவே முடியாவிட்டால் நானும் தொட மாட்டேன். அங்கே எது வேண்டுமானாலும் வெட்டுப்பட்டிருக்கலாம். இரண்டு வழியோடு நிற்காது.

ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா: நான் முழுத் தாளையும்தான் எடுத்தேன். என் போன்ல முழுசா இருக்கு. வெட்டுப்பட்டிருக்குன்னு சொல்றாங்களே?

பதில்: பெரும்பாலும் வாங்குகிற பக்கத்தில்தான் கோளாறு. வாட்ஸ்அப் சாட்டில் நீளமான படத்தின் மேலும் கீழும் மறைந்து, நடுப்பகுதி மட்டும் சின்னதாகத் தெரியும். அதைத் தொட்டுத் திறந்தால்தான் முழுப் படம். மறுபடி படம் கேட்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டியது கேட்பவரின் கடமை.

திறந்து பார்த்தும் வெட்டுப்பட்டிருந்தால், அனுப்பும்போது கிராப் ஆகியிருக்கலாம். அப்படியானால் திரும்ப எடுக்க வேண்டாம், கேலரியில் இருக்கிற மூலப் படத்தை அப்படியே அனுப்பினால் போதும். கேலரியிலேயே கிராப் செய்து சேமித்திருந்தாலும், ஐபோனில் அந்தப் படத்தைத் திறந்து `Edit` போய் `Revert` கொடுத்தால் பழையபடி முழுதாக வந்துவிடும். இது அனுப்பியவரின் போனில் மட்டும்தான் நடக்கும். வந்து சேர்ந்த படத்தில் வெட்டிய பகுதி இல்லவே இல்லை, அங்கே எதையும் மீட்க முடியாது.

கல்லூரி மாணவர்: ஸ்கேன் ஆப்ல எடுத்தா அதுவே ஓரத்தைக் கண்டுபிடிச்சுக்குமே. இந்தப் பிரச்சனையே வராதே?

பதில்: பாதி சரி. சாய்ந்த தாளை நேராக்கும், நிழலைக் குறைக்கும். ஆனால் தாளின் வெள்ளைக்கும் பின்னால் இருப்பதன் நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது ஓரத்தைக் கண்டுபிடிக்கிறது. வெள்ளை டைல்ஸ் மேலோ வெளிர்நிற பெட்ஷீட் மேலோ தாளை வைத்தால் தடுமாறிவிடும். இன்னொரு தொல்லை, தாளைச் சுற்றி அச்சடித்த கட்டம். அந்தக் கோட்டையே தாளின் ஓரம் என்று நினைத்து, வெளியே இருக்கும் கேள்வி எண்களையும் மதிப்பெண்ணையும் சேர்த்து வெட்டிவிடும். வெட்டுக்கோடு ஒரு பக்கம்கூடக் கோணாமல் அச்சுக்கட்டத்தின் மேலேயே போகிறது என்றால் இதுதான் காரணம். அடர்நிற மேசை மேலோ போர்வை மேலோ வைத்து எடுங்கள். சேமிக்கும் முன் மூலைகளில் இருக்கும் நான்கு புள்ளிகளைத் தாளின் மூலைகளுக்கு இழுத்து வையுங்கள்.

நான்காம் வகுப்புப் பிள்ளையின் அம்மா: எத்தனை தடவை எடுத்தாலும் ரெண்டு பக்கமும் ஓரம் போயிடுதுங்க. என்ன பண்றது?

பதில்: கேமராவில் படத்தின் அளவு 16:9 என்று இருக்கிறதா பாருங்கள். A4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். அகலத்தைப் போல உயரம் சுமார் 1.4 மடங்கு. 16:9 படத்தில் அது கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அதனால் தாளின் அகலம் சட்டத்துக்குள் சரியாக அடங்கும்போது மேலும் கீழும் தரை தெரியும். அந்தக் காலி இடத்தைக் குறைக்கத்தான் கை தானாகக் கிட்டே போகிறது. பக்கவாட்டில் எழுத்து போய்விடுகிறது. 4:3-க்கு மாற்றினால் தாளும் சட்டமும் ஏறக்குறைய ஒரே வடிவம் ஆகிவிடும். சுற்றிலும் ஒரு விரல் அகலம் மேசை தெரியட்டும்.

தைத்த ஒர்க் புக்காக இருந்தால் நடு மடிப்பில்தான் ஆபத்து. அங்கே தாள் வளைந்து உள்ளே போவதால் கேள்வி எண்ணும், வரியின் முதலில் வருகிற கழித்தல் குறியும் மறைந்துவிடும். −5 என்பது 5 ஆகத் தெரிந்தால், ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது என்றே யாருக்கும் தோன்றாது. ஒரு கையால் மடிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் எடுங்கள்.

அதே அம்மா: இப்ப முழுசா வருது. ஆனா மேலே இருக்கற குட்டி எண் 2-ஆ 3-ஆன்னு தெரியலையாம்.

பதில்: இதுதான் மங்கல். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும், அடுக்கு எண்தான் முதலில் கரையும். அனுப்பும்போது மேலே `HD` தொட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் `Document` வழியாக அனுப்புங்கள். தாளை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு படமாகவும் எடுக்கலாம். நடுவில் ஒரு கணக்கு இரண்டு படத்திலும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா ஒருவர்: பேரன் ஓரம் வரைக்கும் எழுதிடறான், படத்துல வெட்டுப்படுது. மார்ஜின் போடச் சொல்லட்டுமா?

பதில்: போடச் சொல்லுங்கள் ஐயா, நல்ல பழக்கம்தான். ஆனால் வெட்டுப்படுவதற்கு அவன் காரணமில்லை. தாளின் விளிம்புக்கு வெளியே மேசை தெரியும்படி எடுத்தால், விளிம்பை ஒட்டி எழுதியதும் படத்தில் வந்துவிடும்.

எட்டாம் வகுப்பு மாணவியின் அக்கா: தாள்லயே வெட்டுப்பட்டிருக்கு. "ரூ.5000-க்கு 8% ஆண்டு வட்டி வீதத்தில் 2 ஆண்டுகளுக்குக் கூட்டு வட்டி காண்க. வட்டி"ன்னு வந்து அடுத்த வரி பாதி உயரத்துல அறுந்து போச்சு. எத்தனை படம் எடுத்தாலும் அதேதான்.

பதில்: படத்தில் தாளின் விளிம்பும் அதற்கு அப்பால் மேசையும் தெரிகின்றன, ஆனாலும் எழுத்து அறுந்திருக்கிறது என்றால் கோளாறு ஜெராக்ஸில். மறுபடி படம் எடுக்கச் சொல்லிப் பயனில்லை. கீழ்வரி போயிருப்பதால், மூலத் தாள் லீகல் அளவாக இருந்து A4-இல் நகல் எடுத்திருக்கலாம். லீகல் சுமார் 356 மி.மீ. உயரம். சுருக்காமல் எடுத்தால் கீழே ஏறக்குறைய 6 செ.மீ. போய்விடும்.

விடை ஏன் மாறும் என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி என்றால் 5000 × 1.08 × 1.08 = 5832, வட்டி ரூ.832. அறுந்த வரி "அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது" என்றிருந்தால் 4% வீதம் நான்கு முறை, வட்டி ரூ.849.29. "வட்டி" என்ற சொல்லில் ஒரு வாக்கியம் தொடங்கி அறுந்திருப்பதால் அரையாண்டாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது, உறுதி இல்லை.

முதலில் வகுப்பில் இன்னொருத்தியின் தாளைக் கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே கட்டு நகல் என்றால் அதுவும் அறுந்திருக்கும், அப்போது ஆசிரியரிடம்: "மிஸ், ஒர்க் ஷீட்ல கடைசிக் கணக்கு, 'கூட்டு வட்டி காண்க. வட்டி' என்பதோட நகல்லயே நின்னுடுச்சு. அடுத்த வரியை மட்டும் அனுப்ப முடியுமா மிஸ்? மத்தவங்க தாளும் அப்படித்தான் இருக்கு." நகலில்தான் குறை என்று முதலிலேயே சொல்லிவிடுவதால், "நல்லா படம் எடுத்து அனுப்பு" என்ற பதில் வராது.

அதே அக்கா: மிஸ் பார்க்கவே இல்ல. நாளைக்குக் காலையில கொடுக்கணும். எந்த விடையை எழுதச் சொல்ல?

பதில்: "ஆண்டுக்கு ஒருமுறை எனக் கொண்டு" என்று முதல் வரியில் எழுதிவிட்டு 832-ஐக் காட்டச் சொல்லுங்கள். கீழே "அரையாண்டு எனில்" என்று இன்னொரு வழியையும் போடட்டும். மதிப்பெண் முழுசாக வருமா என்பது திருத்துகிறவர் கையில்.

பள்ளி ஆசிரியை: என் வகுப்பா இருந்தா அந்தக் கணக்கையே எடுத்துட்டு மத்ததுக்கு மட்டும் மார்க் போடுவேன். ரெண்டு வழியும் எழுதச் சொல்றதை இப்பவும் நான் ஒத்துக்கல.