மூணு வேலைக்கு மூணு ரெஸ்யூம்: தேதி, எண் குழம்பாமல் வைத்துக்கொள்ள

பதில் சொல்பவர்: குன்னூரில் ஓட்டல்களுக்கும் பள்ளி அலுவலகங்களுக்கும் ஆள் எடுத்துக் கொடுக்கும் குழு உறுப்பினர். கேள்வி கேட்பவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்.

கோத்தகிரி: அக்கா, ஒரு டீ பாக்டரியில கொழுந்துக் கணக்கு பார்த்தேன். அப்புறம் ஊட்டியில ஓட்டல் ஸ்டோர். இப்போ கணக்கு, ஓட்டல், ஸ்கூல் ஆபீஸ்னு மூணு ரெஸ்யூம் இருக்கு. ஒண்ணுல பாக்டரியில சேர்ந்தது 2018, இன்னொண்ணுல 2019. எதை நம்புறது?

மூன்றையும் மூடி வையுங்கள். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் கூடும், ஏனென்றால் மூன்றுமே உங்கள் ஞாபகத்திலிருந்து அடித்தவை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் ரிலீவிங் லெட்டரையும் எடுங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் EPFO உறுப்பினர் தளத்தில் View போய் Service History பாருங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கும். நாளைக்கு வெரிஃபிகேஷன் பார்ப்பவர்களும் இவற்றைத்தான் கேட்பார்கள்.

இப்போது ஒரு புது ஃபைல் திறங்கள். இதுதான் உங்கள் மூல ஃபைல். இது யாருக்கும் அனுப்புவதற்கில்லை. ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனியின் பெயர் லெட்டர்ஹெட்டில் உள்ளபடி, டெசிக்னேஷன் ஆர்டரில் உள்ளபடி, தேதி நாள் மாதத்தோடு. பக்கத்திலேயே அது எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று ஒரு சொல். அந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம். ஆறு மாதம் கழித்து மறுபடி சந்தேகம் வந்தால் எந்தக் காகிதத்தைத் தேடுவது என்று தெரியும்.

எண்களை எழுதும்போது இன்னும் கொஞ்சம் கவனம். நீங்கள் அனுப்பிய இரண்டு ரெஸ்யூமில் ஒன்று "180 விவசாயிகளின் கணக்கு" என்கிறது, மற்றது "250" என்கிறது. விசாரித்தால் இரண்டுமே உண்மை: பதிவேட்டில் இருப்பவர்கள் 250, பனிக்காலத்தில் கொழுந்து குறையும்போது கொண்டுவருபவர்கள் 180. ஆனால் இரண்டையும் பார்ப்பவருக்கு ஒன்று பொய்யாகத்தான் தெரியும். மூல ஃபைலில் "250, பதிவேட்டில் உள்ளவர்கள்" என்று எண்ணும் விளக்கமும் ஒரே வரியில் இருக்கட்டும். எல்லா ரெஸ்யூமிலும் அந்த ஒரு எண்ணையே போடுங்கள். மூல ஃபைலுக்கு 00_FACTS என்று பெயர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் இப்படி வையுங்கள்:

```
00_FACTS.docx
10_ACCOUNTS.docx
20_HOTEL_STORE.docx
30_SCHOOL_OFFICE.docx
SENT/
```

இதற்குப் பிறகு ஒரே ஒரு கட்டுப்பாடு. தேதியோ போன் நம்பரோ மாறினால் முதலில் 00-இல் மாற்றி, அங்கிருந்து காப்பி செய்து மற்ற மூன்றிலும் ஒட்டுங்கள். கையால் திரும்ப அடிக்காதீர்கள். அடுத்து பேக்கரிக்கு ஒரு ரெஸ்யூம் வேண்டுமென்றாலும் 00-இலிருந்தே தொடங்குங்கள். அவசரத்துக்கு ஓட்டல் ரெஸ்யூமைக் காப்பி எடுத்துத் திருத்தினால், "விருந்தினர் சேவையில் ஆர்வம்" என்ற வரி அப்படியே ஸ்கூல் ஆபீசுக்கும் போய்ச் சேரும். நான் பார்க்கும் கலப்படத்தில் பெரும்பாதி இப்படி வருவதுதான்.

ஊட்டி: மேடம், வேலைக்கு ஏத்த மாதிரி மாத்தத்தானே தனித்தனி ரெஸ்யூம்? நான் டெசிக்னேஷனையும் மாத்திடுவேன். ஒண்ணுல ஸ்டோர் கீப்பர், ஒண்ணுல பர்ச்சேஸ் எக்ஸிக்யூட்டிவ். ரெண்டு வேலையும் நான்தான் செஞ்சேன்.

வேலைக்கு ஏற்ப மாற்றணும் என்பது சரி, மாற்றும் இடம்தான் தப்பு. டெசிக்னேஷன் கம்பெனி கொடுத்தது. பழைய இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் அவர்கள் ரெஜிஸ்டரில் உள்ளதைத்தான் சொல்வார்கள். எல்லா ரெஸ்யூமிலும் "ஸ்டோர் கீப்பர்" என்றே இருக்கட்டும், அதன் கீழே உள்ள வரிகளை மாற்றுங்கள். பர்ச்சேஸ் வேலைக்குப் போகும்போது மேட்டுப்பாளையம் மண்டியில் விலை பேசிக் காய்கறி எடுத்தது முதல் வரியாக வரட்டும், இருப்புக் கணக்கு மூன்றாவதாகப் போகட்டும். வரிசை உங்கள் கையில், பட்டம் அவர்கள் கையில்.

கூடலூர்: எனக்கும் இதே பிரச்சினைதான் அக்கா. ஒரு பக்கம் வெக்கறதா, ரெண்டு பக்கமா? போட்டோ ஒட்டணுமா?

இது வேறு பிரச்சினை தம்பி. அனுபவம் குறைவென்றால் ஒரு பக்கம் போதும். போட்டோ கேட்டால் மட்டும்.

அரவங்காடு: நான் டீச்சர். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்ல இனிஷியல் முன்னாடி, பி.எட். சர்டிபிகேட்ல பின்னாடி, ஆதார்ல அப்பா பேர் முழுசா. கல்யாணத்துக்கு அப்புறம் பேங்க்ல கணவர் இனிஷியல். ஒவ்வொரு ரெஸ்யூம்லயும் ஒவ்வொரு மாதிரி போட்டுட்டேன்.

நம் ஊரில் தேதிக்கு அடுத்தபடியாகக் குழம்புவது இந்த இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை எடுத்துக்கொண்டு, எல்லா ரெஸ்யூமிலும் புள்ளி, இடைவெளி உட்பட அதே வடிவத்தில் போடுங்கள். மூல ஃபைலின் தலையில் ஆதாரில், பேங்கில், பி.எட். சான்றிதழில் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் குறித்து வையுங்கள். விண்ணப்பப் படிவம் ஆதாரில் உள்ளபடி கேட்டால் படிவத்தில் மட்டும் அப்படி நிரப்புங்கள், ரெஸ்யூமைத் தொடாதீர்கள். பேங்க்கில் உள்ளதையும் ஒன்றாக்க வேண்டுமா என்பது உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் தலையிடவில்லை.

கோத்தகிரி: அக்கா, நேத்து கோயம்புத்தூர்ல இருந்து போன். "உங்க ரெஸ்யூம்ல போட்டிருக்கீங்களே"ன்னு ஒண்ணு கேட்டாங்க. எந்த ரெஸ்யூம் அனுப்பினேன்னே தெரியாம முழிச்சேன்.

அதற்குத்தான் அந்த SENT ஃபோல்டர். அனுப்பும் ஒவ்வொரு தடவையும் உள்ளே தேதியும் இடமும் வைத்து ஒரு ஃபோல்டர். தேதியை 2025-02-11 என்று வருடத்தை முன்னால் வைத்து எழுதினால் தானாகவே வரிசையில் நிற்கும். அனுப்பிய அதே பி.டி.எஃப்., அந்த வேலை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், இரண்டும் அதற்குள். அந்த பி.டி.எஃப்.-ஐ அதன்பிறகு திருத்தவே கூடாது. தப்பு இருந்தாலும் அது அவர்கள் கையில் உள்ள தப்பு. என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பி.டி.எஃப்.-க்கு வெறும் உங்கள் பெயர் போதும். final2_hotel என்று அனுப்பினால் எத்தனை இடத்துக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று நீங்களே சொன்ன மாதிரி. ஃபோல்டரை போனிலும் இறக்கி வையுங்கள். உங்கள் பக்கம் மழை நாளில் சிக்னல் இருக்கும் லட்சணத்துக்கு டிரைவைத் திறந்து காத்திருக்க முடியாது.

குன்னூர்: ஸ்கூலுக்கு அனுப்பினது சரியான ஃபைல்தான். ஆனா கம்ப்யூட்டர்ல திறந்தா மேல டேப்ல Hotel Store Resume-னு வருது. உள்ளே எங்கேயும் அந்த வார்த்தை இல்ல. எப்படி?

அது ஃபைலின் பெயர் இல்லை, ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் தலைப்பு. எப்போதோ ஓட்டல் ரெஸ்யூமைக் காப்பி எடுத்திருக்கிறீர்கள், அது கூடவே வந்துவிட்டது. வேர்டில் File, பிறகு Info. வலது பக்கம் Title இருக்கும். அங்கே உங்கள் பெயரை அடித்துவிட்டு மறுபடி பி.டி.எஃப். எடுங்கள். அனுப்பும் முன் பிரவுசரில் ஒரு தடவை திறந்து டேப்பைப் பார்த்துவிட்டால் போதும்.

அப்படியே இன்னொரு சோதனை: புது ரெஸ்யூமையும் மூல ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் கீழிருந்து மேலாகப் படியுங்கள். மேலிருந்து படித்தால் வாக்கியம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், 2018 கண்ணில் படாது.

கோத்தகிரி: ஓட்டல் ரெஸ்யூம்ல பாக்டரி வேலையையே விட்டுட்டா? அப்போ தேதி பிரச்சினையே வராதே.

ரெஸ்யூமில் விடலாம். ஆனால் சேரும்போது கொடுக்கும் படிவத்தில் இதுவரை பார்த்த எல்லா வேலையும் கேட்பார்கள், பி.எஃப். பட்டியலிலும் அது நிற்கும். அதனால் தலைப்பைத் "தொடர்புடைய அனுபவம்" என்று வைத்தால்தான் விடச் சொல்வேன்.

வெலிங்டன்: நான் ஒத்துக்கமாட்டேன் மேடம். எங்க ஆபீஸ்ல அப்படித் தலைப்பு போட்டிருந்தாலே, என்னத்தை மறைக்கிறாங்கன்னுதான் முதல் கேள்வி. ஒரு வரியிலாவது பாக்டரி பேரும் தேதியும் இருக்கணும்.

உங்கள் ஆபீசில் அப்படி இருக்கலாம். நான் ஆள் எடுத்துக் கொடுத்த ஓட்டல்களில் யாரும் கேட்டதில்லை. கோத்தகிரிக்காரர் எந்த மாதிரி இடத்துக்குப் போடுகிறார் என்று சொன்னால் பார்க்கலாம்.