ஃபண்டில் தினமும் கழியும் காசு: கேள்வி பதில்

மேலூர்: "மியூச்சுவல் ஃபண்டை ஏஜென்ட் மூலமா வாங்கினா வருஷம் ஒரு பர்சென்ட் கூடுதலா எடுப்பாங்களாம், அதுல என்னண்ணே குறைஞ்சிரப் போகுது?"

போட்ட முதலை விடக் கூடுதலாகவே குறையும். 5 லட்சம் போட்டு 20 வருடம் விடுகிறீர்கள். செலவுக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி என்று வைப்போம். ஏஜென்ட் இல்லாமல் நேரே வாங்கும், 0.8 சதவீதம் கழிக்கும் டைரக்டில் சுமார் 41.8 லட்சம் வரும், ஏஜென்ட் கமிஷனும் சேர்த்து 1.8 கழிக்கும் ரெகுலரில் 34.9 லட்சம். மாட்டுத்தாவணியில் மல்லிகை போட்டால் கமிஷன் ஒரு தடவை, அதுவும் சீட்டில் எழுதியிருக்கும். இங்கே வளர்ந்து நிற்கும் மொத்தத் தொகையில் தினமும் கழித்துவிட்டுத்தான் ஒரு யூனிட்டின் விலையான என்ஏவியைப் போடுகிறார்கள். அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

திருமங்கலம்: "ரெகுலர்ல என்ஏவி கம்மி, யூனிட் கூட கிடைக்குமே?"

கிடைக்கும். ஆனால் அந்த என்ஏவி கம்மியானதே கமிஷன் போய்த்தான்; நாளைக்கும் போகும்.

உசிலம்பட்டி: "எங்க ஏலச்சீட்டுல அஞ்சு பர்சென்ட் பிடிக்கிறாங்க, இதுவும் அதுதானா?"

இல்லை. அது சீட்டு நடத்துபவரின் கமிஷன், வேறு கணக்கு.

அண்ணா நகர், ஃபண்டு ஏஜென்ட்: "2020 மார்ச்சுல மார்க்கெட் விழுந்தப்ப வித்துட்டு ஓடப் பார்த்தவங்களை நான்தான் சார் போன் போட்டு நிறுத்தினேன். அதுக்குக் கூலி வேணாமா?"

வேண்டும்தான். அன்று விற்றவர்களின் நஷ்டம் உங்கள் கமிஷனை விடப் பெரிது. ஆனால் 5 லட்சம் 30 லட்சமானால் உங்கள் கூலியும் ஆறு மடங்கு ஆகிறது, போன் அதே ஒரு போன்தானே?

அவரே: "வருஷம் ரெண்டாயிரம் கையில கேட்டா குடுப்பாங்களா?"

பாதிப் பேர் தரமாட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் மொத்த ஸ்டேட்மென்ட்டில் ஏஜென்ட்டுக்குப் போன கமிஷன் ரூபாயிலேயே இருக்கும். அதைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

செல்லூர்: "அப்ப இன்னைக்கே எல்லாத்தையும் டைரக்டுக்கு மாத்திரவா? மாசம் 5,000 போடுறேன், லாபம் 3 லட்சம் நிக்குது."

பொறுங்கள். மாற்றுவதும் விற்பதாகத்தான் கணக்கு. இனி வரும் தவணையை மட்டும் இன்றே டைரக்டுக்குத் திருப்புங்கள். பல பங்குச்சந்தை ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் ஒரு சதவீதம் எக்ஸிட் லோடு உண்டு, ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஒரு வருடம் தனித்தனி. கடைசிப் பன்னிரண்டு தவணைக்கு ஏறக்குறைய 600 ரூபாய்தான், ஆனால் பொறுத்தால் அதுவும் மிச்சம். பெரிய செலவு வரி. ஒரு வருடம் தாண்டிய பங்குச்சந்தை ஃபண்டு என்று வைத்து, 3 லட்சம் லாபத்தையும் ஒரே நிதியாண்டில் எடுத்தால் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம், அதாவது 21,875 ரூபாய். மார்ச்சில் 1.25 லட்ச லாபம் வரும் அளவு, ஏப்ரலில் அதே அளவு, மீதியை அடுத்த ஏப்ரலில் மாற்றினால், வேறு பங்கு லாபம் இல்லாதவரை இந்த வரி வராது. அதற்குள் லாபம் ஏறினால் இன்னொரு வருடம் இழுக்கும்.

கோரிப்பாளையம்: "எக்ஸிட் லோடு ஏஜென்ட்டுக்கா போகுது?"

இல்லை, அந்த ஃபண்டுக்கே திரும்பும்.

பழங்காநத்தம்: "சார், ரெகுலரா டைரக்டா, எது நல்லது?"

மேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படித்துவிட்டு வாருங்கள். வரும்போது ஸ்டேட்மென்ட்டில் ஃபண்டு பெயருக்குப் பக்கத்தில் Direct என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.