டிபொசிட் முழுவதையும் போகும் முன்பே அனுப்ப வேண்டுமா?

கேள்வி: நான் ஹட்டனைச் சேர்ந்தவள். ஒக்டோபரில் ஜேர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் முதுகலைப் படிப்பைத் தொடங்குகிறேன். மாணவர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் அறை பார்த்திருக்கிறேன். மாதம் 380 யூரோ. அதில் 300 அறைக்கு, 80 தண்ணீருக்கும் ஹீட்டருக்கும். வீட்டுக்காரர் 1,140 யூரோ டிபொசிட் கேட்கிறார். விசாவுக்காக புளொக்ட் அக்கவுண்டில் போட்ட பணத்தைத் தவிர எங்களிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறார். டிபொசிட்டை எப்படிக் கட்டுவேன் என்று வீட்டுக்காரருக்கு என்ன எழுதுவது?

பதில்: அவர் கேட்கும் 1,140 யூரோ, 380ஐ மூன்றால் பெருக்கி வந்த தொகை. ஜேர்மன் குடியியல் சட்டக்கோவையின் 551ஆம் பிரிவு டிபொசிட்டுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு மூன்று மாத வாடகைதான். ஆனால் அந்தக் கணக்கில் தண்ணீர், ஹீட்டர் போன்ற செலவுகள் ஒப்பந்தத்தில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அவற்றைச் சேர்க்க முடியாது. அறைக்கு மட்டுமான வாடகையை அங்கே ‘கால்ட்மீட்டெ’ என்றும், எல்லாம் சேர்ந்ததை ‘வார்ம்மீட்டெ’ என்றும் சொல்வார்கள். உங்கள் கால்ட்மீட்டெ 300 என்பதால் அவர் கேட்கக்கூடியது அதிகபட்சம் 900 யூரோ. ஆகவே ஒப்பந்தத்தில் 300, 80 என்ற இரண்டு தொகைகளும் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். 380 என்று ஒரே தொகையாக எழுதியிருந்தால் 1,140 கேட்பதற்கு அவருக்கு இடம் கிடைத்துவிடும்.

அதே சட்டப் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. உங்கள் நிலைமைக்கு அதுவே பெரிய உதவி. பணமாகக் கட்டும் டிபொசிட்டை மூன்று சம தவணைகளில் செலுத்த வாடகையாளருக்கு உரிமை உண்டு. முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போதும், மற்ற இரண்டும் அடுத்தடுத்த மாத வாடகைகளோடும் கொடுக்கப்பட வேண்டும். நம் ஊரில் ஆறு மாத அட்வான்ஸ், ஒரு வருட அட்வான்ஸ் என்று சாவி வாங்கும் முன்பே மொத்தமாக எண்ணிக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஆனாலும் எழுதப்பட்ட சட்டம் இதுதான். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக வாடகையாளருக்குப் பாதகமாக ஒரு வரி இருந்தாலும் அந்த வரி செல்லாது.

புளொக்ட் அக்கவுண்டைப் பற்றி வீட்டுக்காரருக்குத் தெளிவாகச் சொல்வது நல்லது. விசாவுக்காக நீங்கள் போட்டிருக்கும் 11,904 யூரோ, நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்து கணக்கைத் திறக்கச் செய்த பிறகுதான் மாதம் 992 யூரோவாக வெளியே வரும். இங்கிருந்தபடி அதிலிருந்து ஒரு யூரோவைக்கூட அவருக்கு அனுப்ப முடியாது. அங்கே போனவுடனும் கிடைத்துவிடாது. சாதாரண வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதற்கு அந்த 992 வந்து சேரும் வரை சில நாட்களாவது ஆகும். முதல் மாதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: வாடகை 380, டிபொசிட் முதல் தவணை 300, ஆக 680. மாணவர் மருத்துவக் காப்புறுதி சுமார் 140. சாப்பாட்டுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 170 யூரோ. ஆகவே அந்த முதல் 680 யூரோவை புளொக்ட் அக்கவுண்டை நம்பாமல் வீட்டிலிருந்தே தனியாக ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பின் நவம்பரிலும் டிசெம்பரிலும் 992க்குள் வாடகையோடு 300ஐயும் சேர்த்துக் கட்டுவது நெருக்கடியாக இருந்தாலும் முடியாத காரியம் அல்ல.

கடிதத்தில் எழுத வேண்டிய பகுதியை இப்படி அமைக்கலாம். ஜேர்மன் மொழியிலோ ஆங்கிலத்திலோ மாற்றிக்கொள்ளுங்கள்:

“அறைக்கான வாடகை 300 யூரோ என்ற கணக்கில் டிபொசிட் 900 யூரோவை, 551ஆம் பிரிவுக்கு இணங்க, 300 யூரோ வீதம் மூன்று தவணைகளில் செலுத்த விரும்புகிறேன். இருவரும் ஒப்பமிட்ட ஒப்பந்தம் என் கைக்குக் கிடைத்து, என் சார்பில் ஒருவர் அறையை நேரில் பார்த்த பின், முதல் தவணையையும் முதல் மாத வாடகையையும் என் தந்தையார் இலங்கையிலிருந்து உங்கள் கணக்குக்கு அனுப்புவார். அனுப்புபவராக அவருடைய பெயரே உங்களுக்குத் தெரியும். விவரப் பகுதியில் என் பெயரும் அறையின் முகவரியும் இருக்கும். அடுத்த இரண்டு தவணைகளையும் நவம்பர், டிசெம்பர் வாடகைகளோடு என் சொந்தக் கணக்கிலிருந்து செலுத்துவேன்.”

தந்தையின் பெயரைக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மவர்களின் வங்கிக் கணக்கில் முதலெழுத்தும் பெயரும் இருக்கும். கடவுச்சீட்டில் அதே பெயர் முழுதாக விரிந்து கிடக்கும். முன்பின் தெரியாத ஒரு பெயரிலிருந்து வரும் பணத்தை அங்குள்ளவர் யாருடையது என்று அறிய மாட்டார். டிபொசிட் வாடகையாளராகிய உங்களுக்கே திரும்ப வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வங்கியில் வெளிநாட்டுக் கணக்குக்குப் பணம் அனுப்பும் டீ.டீ. படிவத்தை நிரப்பும்போது கட்டணம் யாருடையது என்ற இடத்தில் OUR என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இடையிலுள்ள வங்கிகள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ள, 680 அனுப்பியும் அவருக்குக் குறைவாகவே போய்ச் சேரும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், விசாவுள்ள கடவுச்சீட்டு, ஒப்பமிட்ட ஒப்பந்தம் ஆகியவற்றை அப்பா வங்கிக்குக் கொண்டுபோகட்டும்.

‘அறையை நேரில் பார்த்த பின்’ என்ற வார்த்தைகளை எக்காரணத்தைக் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பதுளையிலிருந்து என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படித்தான் பணத்தை இழந்தது. அழகான படங்கள், கடவுச்சீட்டின் பிரதி, கையொப்பமிட்ட ஒப்பந்தம் என்று எல்லாம் வந்திருந்தன. ‘நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று அந்த ஆள் எழுதியிருந்தார். கொடுக்கப்பட்ட கணக்கு இலக்கம் DE என்று தொடங்கவில்லை. கணக்கு வைத்திருப்பவரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருந்த பெயரும் வேறு. சர்வதேச டீ.டீ. ஒருமுறை எடுக்கப்பட்டுவிட்டால் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். அந்தத் தாயார் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ரசீதை நான்காக மடித்தும் விரித்தும் கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. ஜேர்மன் கணக்கின் ஐபான் இலக்கம் DE என்று தொடங்கி, அந்த இரண்டு எழுத்துகளோடு சேர்த்து 22 இடங்கள் இருக்கும். வேறு யூரோ நாட்டுக் கணக்கு இருப்பது மட்டும் குற்றம் அல்ல. ஆனால் அதோடு பெயரும் மாறி, நேரில் காட்டவும் மறுத்தால் பணம் அனுப்ப வேண்டாம்.

பார்க்க யாரை அனுப்புவது என்று யோசிப்பீர்கள். அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அறையைத் தருபவர் வீட்டின் உரிமையாளரா, அல்லது அவரே வாடகைக்கு இருந்துகொண்டு ஓர் அறையை மறுவாடகைக்கு விடுபவரா என்பதையும் அவர் கேட்டு வரட்டும். மறுவாடகை என்றால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின் பிரதியைக் கேளுங்கள். நீங்கள் குடிவந்ததை உறுதிப்படுத்தும் படிவத்தைத் தருவாரா என்பதும் முக்கியம். குடிபுகுந்து இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் பதிவுசெய்ய அது இல்லாமல் முடியாது.

பார்ப்பதற்கு யாரும் கிடைக்காவிட்டால் கடிதத்தின் அந்த வாக்கியத்தை மாற்றி, முதல் தவணையையும் வாடகையையும் சாவி வாங்கும்போது ரசீதுக்கு எதிராகப் பணமாகத் தருவதாக எழுதுங்கள். 680 யூரோவை இங்குள்ள வங்கியிலேயே வாங்கிக் கையில் கொண்டுபோகலாம். முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போதுதான் கொடுக்க வேண்டியது என்பதால் நீங்கள் கேட்பது சலுகை அல்ல. இருந்தாலும் எல்லா வீட்டுக்காரரும் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அறைக்கு வேறு ஆட்கள் வரிசையில் நின்றால் அவர் அவர்களைத் தெரிவுசெய்யக்கூடும். அப்படி ஆனால் முதல் சில வாரங்களுக்குத் தங்குமிடம் ஒன்றைப் பதிவுசெய்துகொண்டு, அங்கே போய் அறையைத் தேடுவதையே நான் உங்கள் அப்பாவிடம் சொல்வேன். 900 யூரோவைப் பார்க்காத அறைக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன்.